சிறுகதை விவாதம்: ‘ஆறு அங்குலக் கண்ணாடி’ – கீறல் காட்சி நிற்கிறதா?

ஏலகிரிவாசன்:

ஒரு சிறுகதையின் முதல் வரைவு இது. களம் வாணியம்பாடி, காலம் 2025 ஜூலை முதல் நவம்பர் வரை. அம்மாவின் மறுமணத்தை ஏற்காத பையன், தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்கும் மாற்றாந்தந்தை. கேள்விகள் இரண்டு. கீறல் விழும் இடம் நம்பும்படி இருக்கிறதா? முடிவு அவசரமாக வருகிறதா? பாராட்டைத் தவிர வேறு எதையும் எழுதலாம்.

*

சேகர் அந்த வீட்டுக்கு வந்தபோது இரண்டு சூட்கேஸ்களும் ஓர் இரும்புப் பீப்பாயும் கொண்டுவந்தார். சூட்கேஸ்கள் அம்மாவின் அறைக்குப் போயின. பீப்பாய் மொட்டை மாடிக்குப் போனது.

கதிர் அவரை எந்த முறை சொல்லியும் அழைப்பதில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டியிருந்தால் கதவைப் பார்த்து, “அம்மா வரச் சொன்னார்கள்” என்பான். அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். அம்மா அரசு மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி இருக்கும் நாட்களில் வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். ஒன்பது மணிக்கு மேல் மாடியிலிருந்து ஓர் அரைக்கும் சத்தம் தொடங்கும். கதிர் தலையணையால் காதை மூடிக்கொள்வான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் மேலே போனான். பீப்பாய்க்குள் மணல் நிரப்பி, மேலே பலகை போட்டு, அதில் ஒரு கண்ணாடி வட்டை மூன்று கட்டைகளால் அசையாமல் பிடித்திருந்தார். அதன்மேல் இன்னொரு வட்டு. இரண்டுக்கும் நடுவே கருமணல்போல் ஏதோ தூளும் தண்ணீரும். மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ளினார், கொஞ்சம் திருப்பினார், பீப்பாயைச் சுற்றி ஓர் அடி நகர்ந்தார், மறுபடியும் தள்ளினார். கோயில் பிராகாரம் சுற்றுபவர்போல் இருந்தது.

“எது தொலைநோக்கிக்குப் போகும்?” என்று பீப்பாயிடம் கேட்டான்.

“மேலே இருப்பது. தேய்க்கத் தேய்க்க மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது மேடாகும்.”

“யார் குழிக்கிறார்கள்?”

“யாரும் குழிப்பதில்லை. அது தானாக நடக்கிறது.”

அவன் நம்பவில்லை. அதனால் மறுநாளும் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கண்ணாடியைத் தண்ணீரில் நனைத்து வெயிலுக்கு எதிராகச் சாய்த்து வைத்தார். ஓர் அட்டையைக் கதிரிடம் கொடுத்து, வெளிச்சப் பொட்டு எங்கே மிகவும் சிறிதாகிறதோ அங்கே நிற்கச் சொன்னார். அவன் பின்னால் போனான், இன்னும் போனான், தண்ணீர்த் தொட்டி முதுகில் இடித்தது. டேப் வைத்து அளந்தார்கள். பதினான்கு அடி. அடுத்த ஞாயிறு ஒன்பது அடி. அதற்கடுத்த ஞாயிறு ஆறு. நான்கு அடி வந்த அன்று அவர் கரடுமுரடான 80ஆம் எண் தூளை டப்பாவில் போட்டு மூடினார். “இனி நுண்மைதான்,” என்றார். 120, 220, பிறகு 320. ஒவ்வொரு எண்ணுக்கும் தூள் மெலிந்தது, சத்தமும் மெலிந்தது. கதிருக்குத் தூள் தூவும் வேலை கிடைத்தது. ஒரு கரண்டித் தூள், கையால் தெளித்த தண்ணீர், அது ஓர் ஈடு. சத்தம் செத்துப்போனால் அடுத்த ஈடு.

பள்ளியில் ஏற்காடு சுற்றுலாவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்டார்கள். அம்மா பணியில் இருந்தார். தாள் மேசையில் கிடந்தது. காலையில் எழுந்தபோது ‘தந்தை’ என்ற இடத்துக்கு நேரே சேகரின் கையெழுத்து இருந்தது.

அன்று மாலை 80ஆம் எண் டப்பாவைத் திறந்தான். ஒரு சிட்டிகை எடுத்து 320 டப்பாவில் போட்டுக் குலுக்கினான்.

இரவு சேகர் தேய்த்துக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் கழித்துக் கழுவிப் பார்த்தபோதுதான் குறுக்கே ஒரு நீண்ட கீறல் தெரிந்தது. “பீப்பாய் இடுக்கிலிருந்து ஏதோ மணல் வந்துவிட்டது,” என்றார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்த கதிருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “நான்தான் போட்டேன் அப்பா!” என்று அவரைக் கட்டிக்கொண்டான்.

நவம்பரில் தொலைநோக்கி தயாரானது. குழலின்மேல் அவனே வெள்ளைப் பெயிண்டால் ‘சே. கதிர்’ என்று எழுதினான். முதலில் சனியைப் பார்த்தார்கள். தட்டுபோல் விரிந்த வளையம்.

*

கதைப்பித்தன்:

முதல் பாதி பிடித்திருக்கிறது, குறிப்பாக ‘அவன் நம்பவில்லை. அதனால் மறுநாளும் போனான்’ என்ற இடம். ஆனால் பதினான்கு அடி, ஒன்பது அடி, ஆறு அடி என்று அட்டை நெருங்கி நெருங்கி வருவது ஆசிரியர் கைகாட்டுவதுபோல் இருக்கிறது. இருவருக்கும் இடையிலான தூரம் குறைகிறதாம். புரிந்துவிட்டது ஐயா.

முடிவு சரியில்லை. ‘அப்பா’ என்ற சொல்லை அழுகையோடு கொடுத்துவிட்டீர்கள். வாசகர் அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறீர்கள்.

கண்ணாடித்தச்சன்:

நானே கண்ணாடி தேய்ப்பவன் என்பதால் உள்ளே வருகிறேன். கதை இலக்கணம் எனக்குத் தெரியாது.

அட்டை நெருங்கி வருவதை ஆசிரியர் கற்பனை செய்யவில்லை. அது அப்படித்தான் நடக்கும். குழி ஆழமாக ஆழமாகக் குவியம் கண்ணாடியை நோக்கி வரும். ஆறு அங்குல வட்டில் குவியம் நான்கு அடிக்கு வர, நடுவில் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். வீட்டு மாடியில் அந்தத் தூரத்தை அளக்கச் சூரியனைவிட மலிவான கருவி கிடையாது. நனைத்த கண்ணாடி காய்வதற்குள் அளந்துவிட வேண்டும், அதனால் இரண்டு பேர் இருந்தால் வசதி. அந்தக் காட்சியை வெட்டாதீர்கள்.

பிரச்சினை கீறலில்தான். சேகருக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் இருக்கவே முடியாது. 320 தூள் தேயும்போது ஒரு சீரான ‘உஸ்’ சத்தம்தான் இருக்கும். அதற்குள் 80இன் ஒரு மணி புகுந்தால் கண்ணாடி கிறீச்சென்று கத்தும். காதுக்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரியும், மேல் வட்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்ததுபோல் ஆடும். கொஞ்சம் பழகியவர்கூட அந்த இழுப்பிலேயே நிறுத்திவிடுவார். வட்டை நகர்த்தாமல் நேராகத் தூக்குவார், ஏனென்றால் நகர்த்தினால் கீறல் நீளும். அரைமணி நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார் என்பது அவரைக் காது கேளாதவராக ஆக்கிவிடுகிறது.

அதைவிட முக்கியமானது ஒன்று. பீப்பாய் இடுக்கிலிருந்து தப்பிய மணி ஒன்றுதான் வரும். ஒரு கீறல், மிஞ்சினால் இரண்டு. ஒரு சிட்டிகை என்றால் அதில் நூற்றுக்கணக்கான மணிகள். கண்ணாடி முழுக்க வளைவு வளைவாகக் கீறல்கள் இருக்கும். கழுவிப் பார்த்த நொடியில் அவருக்கு இது விபத்தல்ல என்று தெரிந்துவிடும். அந்த மாடியில் இருப்பவர்கள் இருவர்தான். ஆகவே உங்கள் சேகர் அறியாத அப்பாவி அல்ல, தெரிந்தும் எதையோ சொல்லாமல் விட்டவர். அவர் என்ன சொல்லாமல் விட்டார் என்பது உங்கள் வேலை.

இன்னும் ஒன்று. 2025 நவம்பரில் சனியின் வளையம் தட்டுபோல் விரிந்திருக்காது. அந்த ஆண்டு வளையத்தின் விளிம்புதான் நம்மை நோக்கியிருந்தது. ஆறு அங்குலத்தில் பார்த்தால் பந்தில் குத்திய ஊசிபோல் ஒரு மெல்லிய கோடு. தவிர, நவம்பரில் வாணியம்பாடியில் வடகிழக்குப் பருவமழை. மேகம் விலகக் காத்திருந்தே பையனுக்கு மீசை முளைத்துவிடும்.

வேலூர்_தந்தை:

வணக்கம். என் மகன் ஏழாம் வகுப்பு. அவனுக்கும் வானியலில் ஆர்வம் உண்டு. நீங்கள் சொல்லும் ஆறு அங்குலத் தொலைநோக்கி எங்கே கிடைக்கும்? 500 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன், அதை வாங்கலாமா?

கண்ணாடித்தச்சன்:

வேலூர்க்காரரே, இது கதை விவாதம். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். 500 மடங்கு என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். கதையில் வரும் கண்ணாடியின் குவியத்தூரம் 1,220 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் கண்வில்லை போட்டால் ஏறத்தாழ 49 மடங்கு. வியாழனின் நான்கு நிலவுகளைப் பார்க்க அதுவே தாராளம். முதலில் நல்ல இருகண்ணோக்கி ஒன்று வாங்கிக் கொடுங்கள். காவலூர் உங்களுக்குத் தொலைவில்லை, அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பொதுமக்களை எப்போது அனுமதிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு பையனை அழைத்துப் போங்கள்.

மீனா_ஓசூர்:

கண்ணாடி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் இந்தக் கதையில் வரும் அம்மா. மகனுக்கு ஒன்பது வயதில் மறுமணம் செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் கேரம் பலகை.

நீங்கள் எழுதியதில் எனக்கு ஒட்டாதது கையெழுத்து. பையன் கோபப்பட ஒரு காரணம் வேண்டும் என்று தேடி வைத்ததுபோல் இருக்கிறது. எங்கள் வீட்டில் மோசமான நாட்கள் எல்லாம் நல்ல நாட்களுக்கு மறுநாள்தான் வந்தன. ஒரு ஞாயிறு முழுக்க இருவரும் சிரித்துச் சிரித்து விளையாடுவார்கள். திங்கட்கிழமை அவர் தட்டில் சோறு போட்டால் இவன் எழுந்து போய்விடுவான். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒருநாள் அவனே சொன்னான்: “அவரோடு விளையாடும்போது அப்பா ஞாபகமே வரவில்லை.” சந்தோஷமாக இருந்ததுதான் அவன் செய்த குற்றம்.

உங்கள் கதிரும் தூளைக் கலக்க வேண்டுமென்றால் அது நான்கு அடி வந்த ஞாயிற்றுக்குப் பிறகு நடக்கட்டும். அவன் குதித்திருப்பான், ஒருவேளை அவர் கையைப் பிடித்திருப்பான். அன்று இரவு அப்பாவின் படத்தைப் பார்த்திருப்பான்.

என் மகன் இன்றுவரை அவரை ‘சார்’ என்றுதான் அழைக்கிறான். கல்லூரியில் படிக்கிறான். விடுதியிலிருந்து போன் செய்தால் முதலில் சாரைத்தான் கேட்கிறான்.

குவியம்:

கண்ணாடித்தச்சன் பயமுறுத்துகிறார். ஒரு கீறலால் தொலைநோக்கிக்கு ஒன்றும் ஆகாது. அது மறைக்கும் ஒளி மிகச் சொற்பம். கண்ணாடியின் வளைவு சரியாக இருந்தால் படம் சரியாக இருக்கும். ஆகவே சேகர் அந்தக் கீறலை அப்படியே விட்டுவிட்டு மேலே போகலாம். கடைசியில் பையன் நிலவைப் பார்க்கும்போது கீறலைத் தேடுவான், அது தெரியாது. அதுதான் கதையின் முடிவு. மன்னிப்பு என்று ஒரு சொல் எழுதத் தேவையில்லை.

கண்ணாடித்தச்சன்:

பாதி சரி. ஒரே ஒரு கீறல் என்றால் நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. பலர் அப்படியே விட்டிருக்கிறார்கள், அழகுக்குத்தான் குறை. விளக்கும் கத்தியும் வைத்துச் சோதிக்கும்போது கீறல் பளிச்சென்று தெரியும், வானத்தில் தெரியாது.

ஆனால் ஒரு சிட்டிகை போட்டால் ஒரு கீறல் வராது என்றுதான் சொல்கிறேன். முகம் முழுக்க ஆழமான குழிகளும் கீறல்களும். 80இன் மணி 320இன் மணியைவிடப் பல மடங்கு பெரிது, அது தோண்டிய பள்ளத்தை 320ஐ வைத்துச் சமன் செய்வது நகத்தால் சுவரைச் சுரண்டுவதற்குச் சமம். பின்னால் போக வேண்டும். 120 வரை போவது பாதுகாப்பு. அந்த 320 டப்பா முழுவதையும் கொட்டிவிட வேண்டும், சலித்து மீட்கலாம் என்ற ஆசையே கூடாது. பலகை, கட்டைகள், வாளி, துணி எல்லாவற்றையும் கழுவி, கீழே விரித்த செய்தித்தாளை மாற்றி, சட்டையைக்கூட மாற்றிக்கொண்டுதான் மறுபடியும் உட்கார வேண்டும். ஒருநாள் மாலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும் மனிதருக்கு இது இரண்டு மூன்று வார வேலை.

ஆக ஆசிரியருக்கு முன்னால் இரண்டு கதைகள் இருக்கின்றன. பையன் ஒரே ஒரு மணியைப் போட்டால், சேகருக்குக் காரணம் தெரியாது, கீறல் கண்ணாடியிலேயே இருக்கும். ஒரு சிட்டிகை போட்டால், சேகருக்குத் தெரியும், கீறல்கள் போய்விடும், ஆனால் வாரங்கள் போகும். இரண்டையும் கலக்க முடியாது.

மீனா_ஓசூர்:

கீறலை விட்டுவைக்காதீர்கள். கண்ணாடியைக் கழுவும்போதெல்லாம் அந்தப் பையன் அதைப் பார்க்க வேண்டும். எந்தப் பெரியவரும் திட்டாமலேயே ஆயுள் தண்டனை.

குவியம்:

அப்படிப் பார்த்தால் மூன்று வாரம் மறுபடியும் தேய்க்க வைப்பதும் தண்டனைதானே? இது கடுங்காவல், அவ்வளவுதான் வித்தியாசம்.

கதைப்பித்தன்:

இது நல்ல இடம். மூன்று வாரம் யார் தேய்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பையனைத் தேய்க்க வைத்தால் தண்டனை. சேகர் தனியாகத் தேய்த்தால் தியாகம், அது இன்னும் மோசம், பையன் தலையில் கடனாக ஏறும். இருவரும் சேர்ந்து தேய்த்தால்தான் வேலை வெறும் வேலையாக இருக்கும்.

நாவரசு:

கடைசியில் ‘சே. கதிர்’ என்று எழுதுவது இயல்புதான். தாய் மறுமணம் செய்துகொண்டால் சட்டப்படியே பிள்ளைக்குப் புதிய தந்தையின் இனிஷியல் வந்துவிடும். எனவே அதில் தவறில்லை.

தனியன்:

தானாக வராது நண்பரே. மறுமணத்தால் மட்டும் மாற்றாந்தந்தை சட்டப்படி தந்தை ஆவதில்லை, அதற்கு முறைப்படி தத்தெடுக்க வேண்டும். தந்தை இறந்த பிறகு மறுமணம் செய்த தாய், பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. தீர்மானிக்கலாம் என்றுதான் சொன்னது, மாறிவிடும் என்று சொல்லவில்லை.

சட்டத்தை விடுங்கள். நான் அந்தப் பையனாக இருந்தவன். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு புதியவர் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தூண்டில் மீன்பிடிப்பில் பைத்தியம். என் பழைய இனிஷியல் அப்படியே இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் பதிவு செய்யும்போது உறவினர் ஒருவர், ‘இப்போதே மாற்றிவிட்டால் பின்னால் சிக்கல் இல்லை’ என்றார். வீட்டுக்கு வந்த புதியவர்தான் முந்திக்கொண்டு, ‘அது அவன் அப்பாவுடையது’ என்றார். அதுவரை நான் அவரோடு மீன் பிடித்தேன், அவ்வளவுதான். அதன் பிறகுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உங்கள் கதிர், இறந்துபோன அப்பாவின் எழுத்தை அழித்துத்தான் புதியவரை ஏற்க முடியும் என்று கதை சொல்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏலகிரிவாசன்:

எல்லாவற்றையும் படித்தேன். சிட்டிகை வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒப்புதல் தாள் போய்விட்டது, ‘அப்பா’வும் ‘சே.’யும் போய்விட்டன. நடுப்பகுதியின் புதிய வடிவம் இது.

*

நான்கு அடி என்று டேப் காட்டியபோது கதிர் குதித்த குதியில் அட்டை காற்றில் பறந்து பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது. சேகர் சுவர் ஏறி எடுத்துவந்தார். அன்று மதியம் மூவரும் பிரியாணி சாப்பிட்டார்கள். படுக்கப் போகும்போது, அப்பாவின் படத்துக்கு மாலையில் ஏற்றும் விளக்கை அன்று தான் ஏற்றவில்லை என்பது கதிருக்கு நினைவுக்கு வந்தது.

320க்கு வந்து மூன்றாம் நாள் அவன் 80ஆம் எண் டப்பாவைத் திறந்தான்.

சேகர் இரண்டாவது முறை தள்ளியபோது கண்ணாடி அலறியது. கை அந்த இடத்திலேயே நின்றது. வட்டை நேராகத் தூக்கினார், கழுவினார், பல்புக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கதிர் மாடிப்படியின் கதவை அளந்துகொண்டிருந்தான்.

சேகர் 320 டப்பாவை எடுத்துப் பழைய சாக்கில் கொட்டினார். சாக்கைக் கட்டினார். பலகையைக் கழுவினார், கட்டைகளைக் கழுவினார், செய்தித்தாளைச் சுருட்டினார்.

“120இலிருந்து போடலாம்,” என்றார். “இன்றைக்கு வேண்டாம். நாளை.”

கதிர் நின்றான்.

“இந்த 80ஐ இங்கே வைக்கக் கூடாது. முன்பே எடுத்திருக்க வேண்டும்.” டப்பாவை அவனிடம் நீட்டினார். “கீழே எங்காவது வை. நீ எங்கே வைக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அடுத்த கண்ணாடி தொடங்கும்போது எடுத்துக் கொடு.”

“அடுத்த கண்ணாடியா?”

“எட்டு அங்குலம் செய்யலாம் என்று இருக்கிறேன்.”

மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கதிர் மாடிக்கு வந்தபோது கைகளை முழங்கை வரை கழுவியிருந்தான். நகங்களை வெட்டியிருந்தான்.

*

கண்ணாடித்தச்சன்:

நகம் வெட்டியது சரி. நகக்கண்ணில் ஒரு மணி தங்கினால் போதும். கரடுமுரடான தூளை வேறு இடத்தில் வைப்பதும் எங்கள் வழக்கம்தான், அதையே பையன் பொறுப்பில் கொடுத்திருப்பது எனக்குத் தோன்றாத யோசனை.

குவியம்:

எனக்கு இன்னும் உடன்பாடில்லை. சேகர் மிகவும் நல்லவராக இருக்கிறார். உழைப்பெல்லாம் பாழான மனிதருக்கு ஒரு கடுஞ்சொல்கூட வராதா? ‘வெகுநேரம் பார்த்தார்’ என்பதற்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டீர்கள். கீறலை விட்டுவைக்கும் கதை இதைவிட நேர்மையானது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

தனியன்:

கோபம் வரும். எங்கள் வீட்டில் அவர் கோபம் வந்தால் மீன் பிடிக்கும் கூடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். ‘இன்றைக்கு வேண்டாம், நாளை’ என்பதில் எனக்கு அந்தக் கோபம் கேட்கிறது. குவியத்துக்குக் கேட்கவில்லை என்றால் ஆசிரியர் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

கதைப்பித்தன்:

விளக்கு ஏற்ற மறந்தது நன்று. அட்டை பக்கத்து வீட்டில் விழுந்ததும் நன்று, அந்தத் தூரக் காட்சியின் நெடி அதனால் குறைந்தது. முடிவு என்ன ஆயிற்று? சனி போய்விட்டாரா?

ஏலகிரிவாசன்:

சனியை விட்டுவிட்டேன். பொங்கலுக்குப் பிறகு வியாழனை வைக்கலாமா என்று பார்க்கிறேன்.

கண்ணாடித்தச்சன்:

2026 ஜனவரியில் வியாழன் இரவு முழுக்க வானத்தில் இருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். பொருத்தமான காலம். ஆனால் ஒரு பையன் அதுவரை பொறுப்பானா? மெருகு ஏறிய கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு வேண்டும், அதை வெற்றிடப் பெட்டியில்தான் பூச முடியும், வெளியே அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பூச்சு இல்லாத கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் நான்கு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். வியாழன் மங்கலாகத் தெரியும். ஆனால் நிலவுக்கு அந்த நான்கு பங்கே போதும், கண்ணும் கூசாது. அனுப்புவதற்கு முன்னால் வெறும் கண்ணாடியை அட்டைக்குழலில் வைத்து நிலவைப் பார்த்துவிடாத ஆளை நான் பார்த்ததில்லை.

மீனா_ஓசூர்:

எல்லாம் சரி. அம்மா எங்கே? முதல் வரைவில் இரவுப் பணி, இரண்டாவதில் பிரியாணி. இந்தக் கல்யாணத்தைச் செய்துகொண்டவர் அவர்தானே? வீட்டில் இரண்டு ஆண்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா இல்லையா என்று நடையிலேயே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை இந்தக் கதை கவனிக்கவே இல்லை. நான் காலையில் பணி முடிந்து வரும்போது கேரம் பலகை சுவரில் சாய்ந்திருக்கிறதா, தரையில் கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கதைப்பித்தன்:

சிறுகதையில் மூன்றாவது ஆளுக்கு இடம் கொடுத்தால் குறுநாவல் ஆகிவிடும். அம்மா இல்லாத இரவுகளில்தான் இந்தக் கதை நடக்க முடியும்.

மீனா_ஓசூர்:

இடம் கேட்கவில்லை. ஒரு தடவை கதவைத் திறந்து உள்ளே வரட்டும் என்கிறேன்.

கண்ணாடித்தச்சன்:

அதற்கு வழி இருக்கிறது. தேய்ப்பது முடிந்தால் மெருகு ஏற்ற வேண்டும். அதற்குப் பைன் மரப் பிசினை உருக்கிக் கீழ் வட்டின்மேல் ஊற்றி, சோப்புத் தண்ணீர் தடவிய கண்ணாடியை அதன்மேல் அழுத்தி வடிவம் எடுக்க வேண்டும். பிசின் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும், இரண்டு பேர் கட்டாயம் தேவை. ஒருவர் ஊற்றுவார், ஒருவர் அழுத்துவார். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்து இளக்கம் சரியா என்று சொல்லும் வேலையைப் பையனுக்குக் கொடுக்கலாம். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவது நல்லது, கூடவே ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் மாடியில் செய்ய முடியாது, அடுப்படிக்குத்தான் வர வேண்டும். வீடு முழுக்கப் பிசின் நெடி. உருக்கிய பாத்திரம் அதன்பிறகு சமையலுக்கு உதவாது. எங்கள் வீட்டில் போனது என் மனைவியின் பால் பாத்திரம். செவிலியர் இரவுப் பணி முடிந்து காலை ஏழரை மணிக்கு வீட்டுக்கு வரட்டும். அடுப்பில் எந்தப் பாத்திரம் இருக்கிறது என்பதை மட்டும் ஆசிரியர் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

மீனா_ஓசூர்:

குக்கர் வேண்டாம். குக்கர் என்றால் நான் பையன் பக்கம் நிற்கமாட்டேன்.